விலகியவர்கள் எங்கே போனார்கள்? லிங்க்ட்இனில் ஏழு வருடம் எண்ணிப் பார்த்த அனுபவம்

ஒரு நிறுவனத்தில் சேரலாமா என்று யோசிக்கும்போது, அங்கே முன்பு வேலை பார்த்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று லிங்க்ட்இனில் தேடிப் பார்ப்பேன். 2018-இல் தொடங்கிய பழக்கம். முதல் தடவையே நன்றாக ஏமாந்தேன். தகவலில் பொய் ஒன்றும் இல்லை, நான் எண்ணிய விதம்தான் தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே ரொம்ப நாள் ஆனதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அப்போது செய்தது இதுதான். ஆட்களைத் தேடும் பக்கத்தில் `All filters` திறந்து, `Past company` என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டேன். முதல் இரண்டு பக்கங்களில் இருபது பேர். அதில் ஏழெட்டு பேர் எல்லோருக்கும் தெரிந்த பெரிய நிறுவனங்களில் நல்ல பதவியில் இருந்தார்கள். 'இங்கே இரண்டு வருடம் இருந்தால் அங்கே போய்விடலாம் போல' என்று சேர்ந்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து என்னோடு சேர்ந்தவர்களைப் பார்த்தால், ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த ஏழெட்டு பேரும் நிறுவனத்தின் ஆரம்ப நாட்களில் வந்தவர்கள். வரும்போதே பெரிய நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். கொஞ்ச காலம் இருந்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்கள். அவர்களுடைய பக்கங்களை இன்னும் நாலு வரி கீழே இறக்கிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நான் மேலே இருந்ததை மட்டும் பார்த்தேன். அதோடு, முடிவுகள் வரும் வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல. நமக்குத் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் முன்னால் வருவார்கள். என் தொடர்புகளில் எந்த மாதிரி ஆட்கள் அதிகமோ, அந்த மாதிரிதான் முதல் பக்கமும் இருக்கும்.

அதன்பிறகு விலகியவர்களை எண்ணுவதை விட்டேன். ஒரு குறிப்பிட்ட காலத்தில் சேர்ந்தவர்களை எண்ணுகிறேன். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. விலகியவர்களை மட்டும் எடுத்தால், விலக விரும்பியும் வழி கிடைக்காமல் உள்ளேயே இருப்பவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இப்போது இருப்பவர்களை மட்டும் எடுத்தால், வந்த ஆறே மாதத்தில் ஓடிப்போனவர்கள் தெரியமாட்டார்கள், எல்லோரும் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும். ஒரே காலத்தில் உள்ளே வந்த எல்லோரையும் பிடித்து, இன்று யார் எங்கே என்று பார்த்தால்தான் ஒரு நேர்மையான படம் கிடைக்கிறது.

2023 தொடக்கத்தில் இரண்டு இடங்களிலிருந்து வாய்ப்பு வந்தது. வேலை இரண்டிலும் டேட்டா அனலிஸ்ட். அவற்றை முதல் நிறுவனம், இரண்டாம் நிறுவனம் என்றே சொல்கிறேன். 2018, 2019 ஆகிய இரண்டு வருடங்களில் இதே வேலைக்குச் சேர்ந்தவர்களைத் தேடினேன். அவ்வளவு பழைய வருடங்கள் எதற்கு என்று கேட்கலாம். வேலையை விட்ட பலர் அடுத்த வேலை கிடைத்த பிறகுதான் தங்கள் பக்கத்தைத் திருத்துகிறார்கள், சிலர் அதையும் செய்வதில்லை. அதனால் கடைசி ஓராண்டு விவரத்தை நம்புவது கஷ்டம். மூன்று வருடம் தாண்டியவர்களின் கதை ஓரளவு படிந்திருக்கும்.

தேடும்போது ஒரு குழி இருக்கிறது. `Title` என்ற பெட்டியில் பதவியைப் போட்டால், எனக்கு அது இப்போதைய பதவியோடுதான் பொருந்தியது. அன்று அனலிஸ்ட்டாகச் சேர்ந்து இன்று மேனேஜராக இருப்பவர் அந்தத் தேடலில் வரவே மாட்டார். முன்னேறியவர்களை நாமே வடிகட்டி வெளியே தள்ளிவிடுகிறோம். அதனால் பதவியைப் பொதுவான தேடல் பெட்டியில்தான் போடுவேன். இலவசக் கணக்கில் ஓர் அளவுக்கு மேல் தேடினால் மாதம் முடியும்வரை பூட்டுப் போட்டுவிடும். அப்போது கூகுளில் இப்படித் தேடுவேன்:

```
site:linkedin.com/in "நிறுவனப் பெயர்" "data analyst"
```

இதில் எல்லோரும் கிடைக்கமாட்டார்கள், ஆனால் என் தொடர்பு வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களும் வருவார்கள். விவரங்களைக் கையால்தான் ஒரு விரிதாளில் குறித்துக்கொண்டேன். தானாக அள்ளும் நிரல்களை லிங்க்ட்இன் விதிகள் அனுமதிப்பதில்லை, நாற்பது பேருக்கு அது தேவையும் இல்லை. பெயரை எழுதவில்லை. முந்தைய இடம், சேர்ந்த மாதம், விலகிய மாதம், அடுத்த இடம், அடுத்த பதவி என்று ஐந்தே பத்திகள்.

முதல் நிறுவனத்தில் 44 பேர் கிடைத்தார்கள். அதில் ஐந்து பேர் இன்டர்ன்கள். மூன்று பேர் வேறு ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர்கள், வேலை பார்த்த வாடிக்கையாளரின் பெயரைத் தங்கள் நிறுவனம்போல எழுதி வைத்திருந்தார்கள். விளக்கப் பகுதியைப் படித்தால்தான் இது பிடிபடும். அவர்களைக் கழித்தால் 36. அதில் 11 பேர் இன்னும் உள்ளே, 25 பேர் விலகியவர்கள்.

அந்த 25-இல் ஒன்பது பேருக்கு அடுத்த வேலை தெளிவாக ஒரு படி மேலே. எட்டு பேர் அதே வேலைக்கு வேறு இடம் போனார்கள். மூன்று பேர் மேற்படிப்பு. இரண்டு பேர் கீழே இறங்கியதுபோல் தெரிந்தது. மூன்று பேருக்கு விலகிய தேதியோடு பக்கம் நின்றுவிடுகிறது, அதன்பிறகு ஒன்றுமே இல்லை. இந்த மூன்று பேரை விட்டுவிடத்தான் கை போகும். விட்டால் கணக்கு தானாகவே அழகாகிவிடும் என்பதால் நான் விடுவதில்லை, தனியாக ஒரு வரியில் வைப்பேன்.

36-இல் ஒன்பது பேர், அதாவது நான்கில் ஒருவர் மேலே போயிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய சூடு ஞாபகம் இருந்ததால் அந்த ஒன்பது பேரின் முந்தைய இடத்தையும் பார்த்தேன். நான்கு பேர் பெரிய நிறுவனத்திலிருந்து வந்து பெரிய நிறுவனத்துக்கே திரும்பியவர்கள். மீதி ஐந்தில் மூன்று பேர் ஒரே புதிய நிறுவனத்துக்கு, நான்கு மாத இடைவெளிக்குள் போயிருந்தார்கள். அதே நேரத்தில் அதே இடத்துக்கு அவர்களுடைய மேலாளரும் போயிருந்தார். அவர் தன் ஆட்களைக் கூடவே அழைத்துப் போயிருக்கிறார் என்று தேதிகளை வைத்து ஊகித்தேன். அது மூன்று வழிகள் அல்ல, ஒரே வழி, அந்த வழியும் அவரோடு போய்விட்டது. அந்த நிறுவனத்தில் கற்றதை வைத்துத் தனியாக ஏறியவர்கள் என்று சொல்ல மிஞ்சியவர்கள் இரண்டே பேர்.

இரண்டாம் நிறுவனம் சின்னது. அதே கழிவுகளுக்குப் பிறகு 22 பேர். 13 பேர் உள்ளேயே இருந்தார்கள், அதில் ஆறு பேருக்கு உள்ளேயே பதவி மாறியிருந்தது. விலகிய ஒன்பது பேரில் ஐந்து பேர் ஒரு படி மேலே. அவர்கள் போன இடங்களின் பெயர் ஒன்றுகூட நான் கேள்விப்பட்டதில்லை, முதல் பார்வையில் சப்பென்றுதான் இருந்தது. ஆனால் ஐந்து பேரும் கல்லூரியிலிருந்து நேராகவோ சின்ன இடங்களிலிருந்தோ வந்தவர்கள், ஐந்து பேரும் ஐந்து வெவ்வேறு இடங்களுக்குப் போனவர்கள். ஏறக்குறைய நான் இருந்த நிலையிலிருந்து கிளம்பியவர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

இவ்வளவு சின்ன எண்களை வைத்து சதவீதம் போட்டு ஒப்பிட நான் துணிவதில்லை. இரண்டு பேர் கூடிக் குறைந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். எண்கள் எந்தப் பக்கங்களை நிதானமாகப் படிக்க வேண்டும் என்று காட்டுகின்றன, அவ்வளவுதான்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் மாதத்தைப் போடாமல் 2019 – 2020 என்று மட்டும் எழுதுவார்கள். அது டிசம்பரில் சேர்ந்து ஜனவரியில் விலகியதாகவும் இருக்கலாம், முழு இரண்டு வருடமாகவும் இருக்கலாம். அந்த மாதிரி வரிகளை எவ்வளவு காலம் இருந்தார்கள் என்ற கணக்கில் சேர்க்கமாட்டேன். பலர் ஒரே மாதத்தில் விலகியிருந்தால் ஆட்குறைப்பாக இருக்கலாம் என்று அந்த மாதத்துச் செய்திகளைத் தேடிப் பார்ப்பேன். நிறுவனம் பெயர் மாறியிருந்தாலோ வேறொன்றோடு இணைந்திருந்தாலோ பழைய பெயரிலும் ஒருமுறை தேட வேண்டும். இல்லையென்றால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

பக்கங்களைத் திறந்தால் திறந்தது அவர்களுக்குத் தெரியவரும். 2018-இல் இது எனக்குத் தெரியாது. எதிர்கால மேலாளரின் பக்கத்தை ஒரே வாரத்தில் மூன்று தடவை திறந்திருக்கிறேன். நேர்காணலில் அவர் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அமைப்புகளில் `Private mode` போட்டால் பெயர் தெரியாது. பதிலுக்கு, இலவசக் கணக்கென்றால், நம் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்பது நமக்கும் தெரியாது.

இந்தப் பக்கங்கள் சொல்லாதது ஏன் விலகினார்கள் என்பதும், என்ன சம்பளம் என்பதும். பதவிப் பெயருக்குப் பின்னால் உண்மையில் என்ன வேலை என்பதும் தெரியாது. அதற்காக முதல் நிறுவனத்திலிருந்து விலகிய மூன்று பேருக்குச் செய்தி அனுப்பினேன். "ஏன் விட்டீங்க?" என்று கேட்கவில்லை, முகம் தெரியாதவரிடம் யாரும் அதற்கு உண்மையான பதில் சொல்லமாட்டார்கள். "அடுத்த நேர்காணல்ல இங்க செஞ்ச வேலையைப் பத்தி என்ன கேட்டாங்க?" என்று கேட்டேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார். "ஒண்ணும் பெருசா கேட்கலைங்க. வாராவாரம் ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்ததைத் தவிர சொல்றதுக்கு என்கிட்டயும் ஒண்ணும் இல்ல." எட்டு பேர் ஏன் அதே வேலைக்கே வேறு இடம் போனார்கள் என்பதற்கு அந்த இரண்டு வரி போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நிறுவனத்தில்தான் சேர்ந்தேன். இரண்டரை வருடம் இருந்துவிட்டு சமீபத்தில் விலகினேன், ஒரு படி மேலேதான். ஆனால் விலகி ஐந்து மாதம் ஆகியும் என் பக்கத்தில் பழைய நிறுவனத்துக்கு நேரே `Present` என்றே கிடந்தது. இதை எழுத உட்கார்ந்தபோதுதான் கவனித்துத் திருத்தினேன். அந்த ஐந்து மாதத்தில் யாராவது அந்த நிறுவனத்தை எண்ணியிருந்தால், உள்ளே இருப்பவர்களில் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்திருப்பார்கள்.