வைரக் கல்லுக்கு நாலாயிரம் ரிங்கிட்: 50 சென்ட்டா, 45ஆ, 40ஆ?

அக்கா மகனுக்கு நிச்சயதார்த்தம். மோதிரத்துக்கென்று அவன் ஒதுக்கியிருந்தது ஆறாயிரம் ரிங்கிட். 750 தரத் தங்க வளையமும் செய்கூலியும் போனால் கல்லுக்கு மிஞ்சுவது நாலாயிரம், இழுத்துப் பிடித்தால் நாலாயிரத்து இருநூறு. ஒரு சனிக்கிழமை காலையில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் போய் உட்கார்ந்தோம். கடைக்காரர் மூன்று பொட்டலங்களைப் பிரித்தார். மூன்றும் வட்ட வைரம், மூன்றுக்கும் ஜிஐஏ என்ற வைரப் பரிசோதனை நிறுவனத்தின் சான்றிதழ் இருந்தது.

முதல் கல் 50 சென்ட் எடை, எச் நிறம், எஸ்ஐ1 தெளிவு, வெட்டு 'குட்', விலை 4,200. இரண்டாவது 45 சென்ட், ஐ நிறம், அதே எஸ்ஐ1, வெட்டு 'எக்ஸலண்ட்', விலை 3,600. மூன்றாவது 40 சென்ட், ஈ நிறம், விவிஎஸ்2, வெட்டு 'எக்ஸலண்ட்', விலை 4,100.

மருமகனுக்கு 50 மேல் ஆசை. "அரை கேரட்னு சொல்லிக்கலாம் மாமா" என்றான். அக்காவுக்கு 40. வைரத்தில் கரும்புள்ளி இருந்தால் தோஷம் என்று அம்மா சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் அவள். என் கண் 45இல் இருந்தது. நான் சில வருடம் நகைக்கடையில் வேலை பார்த்தவன். அதைவிட, என் கல்யாணத்துக்கு ஒரு 50 சென்ட் கல் வாங்கி ஏமாந்தவன்.

சென்ட் என்பது எடை. 100 சென்ட் ஒரு கேரட், அதாவது 200 மில்லிகிராம். விரலில் போட்டால் தெரிவது எடை இல்லை, அகலம். சான்றிதழில் அளவு மில்லிமீட்டரில் இருக்கும். மருமகனை அதை வாசிக்கச் சொன்னேன். 50 சென்ட் கல்லின் விட்டம் 4.95 மில்லிமீட்டர். 45 சென்ட் கல்லின் விட்டமும் 4.95. திரும்ப ஒருமுறை பார்த்தான். கூடுதல் 5 சென்ட் எங்கே போனது என்று கேட்டான்.

அடியில் போனது. அந்தக் கல்லின் உயரம் விட்டத்தில் 64.5 சதவீதம், 45இன் உயரம் 61.4. அதோடு முதல் கல்லின் இடுப்பு விளிம்பு, மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடம், தடிமனாக இருந்தது. ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்றால், 50ஐத் தொட்டதும் கேரட்டுக்கான விலையே ஒரு படி ஏறுகிறது. 70, 90, 100 சென்ட்டிலும் இப்படிப் படிகள் உண்டு. வெட்டாத மூலக் கல்லைச் சரியான அளவில் பட்டை தீட்டினால் 46 சென்ட்தான் தேறும் என்றால், வயிற்றைப் பெரிதாக விட்டு 50 ஆக்குவதில் லாபம் அதிகம். அந்த வயிற்றுக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

பணம் மட்டும் போனால் பரவாயில்லை, ஒளியும் போகிறது. மேலிருந்து உள்ளே போகும் வெளிச்சம், அடிப்பட்டைகளில் இரண்டு முறை பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வர வேண்டும். அடிப்பட்டையின் சாய்வு 41 டிகிரியை ஒட்டியும், மேல்பட்டையின் சாய்வு 34, 35 டிகிரியிலும் இருந்தால் அது நடக்கும். 45 சென்ட் கல்லில் 40.8, 34.5. முதல் கல்லில் 41.8, 36.5. கீழும் மேலும் இரண்டும் செங்குத்தாகிப் போனதால் வெளிச்சத்தில் ஒரு பங்கு அடிவழியே ஒழுகிவிடும். கல்லின் உச்சியில் இருக்கும் நடுத் தட்டையின் ஓரத்தில் வளையமாக ஒரு மங்கல் விழும். என் மனைவியின் கல்லில் இதைவிட ஆழம் அதிகம், நடுவில் ஆணித்தலை மாதிரி ஒரு இருட்டு. அதை விற்ற கடை சான்றிதழே தரவில்லை; நானும் கேட்கவில்லை.

கடைக்குள் இது எதுவும் தெரியாது. தலைக்கு மேல் எரியும் ஸ்பாட் விளக்குகளின் கீழே கண்ணாடிச் சில்லுகூட மின்னும். கடைக்காரரைக் கேட்டு மூன்றையும் தட்டில் வைத்து, வாசலில் காக்கி லீமா நடைபாதை நிழலுக்குக் கொண்டுவந்தோம். 45 அங்கேயும் உயிரோடு இருந்தது. 50இல் நான் சொன்ன மங்கல் வளையம் தெரிந்தது, அக்காவே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கப்புறம் மருமகன் அரை கேரட் பேச்சை எடுக்கவில்லை.

மிஞ்சியது 45க்கும் 40க்கும் போட்டி. 40இன் விட்டம் 4.75தான், விலையோ ஐந்நூறு அதிகம். அந்தப் பணம் போகிற இடம் நிறமும் தெளிவும்.

நிறம் டி எழுத்தில் தொடங்கி இசட் வரை போகும். டி, ஈ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய நிறமற்றவை. பரிசோதகர்கள் கல்லைக் கவிழ்த்து, பக்கவாட்டில், மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டுத்தான் தரம் போடுகிறார்கள். மடித்த வெள்ளை அட்டையில் இரண்டையும் கவிழ்த்து வைத்தேன்: ஐ நிறக் கல்லில் லேசான மஞ்சள் சாயல். நிமிர்த்தியதும் அது ஒளியில் கரைந்துவிட்டது. மோதிரம் மஞ்சள் தங்கத்தில் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. தங்கத்தின் மஞ்சளே கல்லுக்குள் பிரதிபலிக்கும்போது ஈ நிறத்துக்குக் கொடுக்கும் பணம் அங்கேயே மறைந்துவிடும். வெள்ளைத் தங்கம் என்றால் நான் எச்சுக்குக் கீழே இறங்கியிருக்க மாட்டேன்.

தெளிவில்தான் அக்காவைச் சமாதானம் செய்ய நேரம் பிடித்தது. இந்தத் தரங்கள் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்துப் போடப்படுபவை. விவிஎஸ்2 என்றால் அந்த லென்ஸிலும் பழகிய கண் தேடித்தான் பிடிக்க முடியும். எஸ்ஐ1 என்றால் லென்ஸில் தெரியும், 45 சென்ட் அளவில் வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் எஸ்ஐ1 எல்லாம் ஒன்றில்லை. இந்த அளவுக் கற்களுக்கு ஜிஐஏ பொதுவாகத் தரும் சிறிய சான்றிதழில் குறை எங்கே என்று காட்டும் படம் இருக்காது, நாமே லென்ஸில் பார்க்க வேண்டும். நடுத் தட்டைக்கு நேர் கீழே கருப்புப் புள்ளி இருந்தால் வேண்டாம். இடுப்பு விளிம்பைத் தொடும் கீறல் இருந்தாலும் வேண்டாம், கல்லைப் பிடிக்கும் கவ்வியை அழுத்தும்போது அங்கேதான் சில்லு பெயரும்.

"இங்க பாரு அக்கா" என்று லென்ஸைக் கொடுத்தேன். ஓரத்தில், பட்டைகளுக்கு நடுவே, இறகு மாதிரி வெள்ளையாக ஒரு துணுக்கு, விளிம்பைத் தொடாமல் நின்றது. "கருப்பு இல்லையே தம்பி?" என்று மூன்று முறை கேட்டாள். இல்லை என்றதும் லென்ஸைக் கீழே வைத்தாள்.

இதற்கு நடுவில் மருமகன், ஆய்வகத்தில் வளர்த்த வைரம் என்றால் இதே பணத்துக்கு ஒரு கேரட்டே வருமே என்றான். வரும், அதுவும் வைரம்தான், மின்னுவதிலும் குறை இல்லை. ஆனால் அதன் விலை வருடா வருடம் இறங்கிக்கொண்டிருக்கிறது; திரும்ப எடுக்கும் கடையும் குறைவு. பெரிதாகத் தெரிய வேண்டும், விற்கப்போவதில்லை என்பவர்களுக்குச் சரி. பெண் வீட்டில் கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவன் யோசித்துவிட்டு 45க்கே வந்தான்.

கல்லை மோதிரத்தில் பதிக்கக் கொடுக்கும்முன் இடுப்பு விளிம்பில் லேசரில் பொறித்த எண்ணை லென்ஸில் படித்து, சான்றிதழ் எண்ணோடு சரிபார்த்து, அதை ஜிஐஏ இணையதளத்திலும் அடித்துப் பார்த்தோம். கவ்வி வைக்கும்போது அந்த எண்ணை மறைக்காமல் வையுங்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். பத்து நாள் கழித்து மோதிரம் வந்ததும் மருமகன் முதலில் கேட்டது லென்ஸைத்தான். இரண்டு கவ்விக்கு நடுவே எண் சுத்தமாகத் தெரிந்தது.