யூடியூபா, பென்டிரைவா, ஓடுகிற மேட்சா: புது டிவியைச் சோதிக்க எது?

புது டிவி வந்ததும் பெரும்பாலானவர்கள் யூடியூபில் ஒரு டெஸ்ட் வீடியோவைப் போடுவார்கள். எரியாமல் செத்துப்போன திரைப் புள்ளியான டெட் பிக்சலைத் தேட அது போதும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று திரை முழுக்க ஒரே நிறம் வரும்போது கிட்டப் போய் மேலிருந்து கீழே பொறுமையாகப் பாருங்கள். அதற்கு முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு தூசியை டெட் பிக்சல் என்று நம்பி நான் பத்து நிமிடம் கவலைப்பட்டிருக்கிறேன்.

கறுப்பில் மட்டும் ஏமாந்துவிடலாம். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் உள்ள எல்இடி டிவியில் திரை முழுக்கக் கறுப்பானால் பின்விளக்கே அணைந்துவிடும். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் கோளாறான பிக்சலும் அதோடு மறைந்துவிடும். டிம்மிங்கை ஆஃப் செய்துவிட்டுப் பாருங்கள்.

நிறம் படிப்படியாக மாறும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறதா என்று பார்க்க யூடியூப் உதவாது. வீடியோவைச் சுருக்கும்போதே பட்டைகள் விழுந்துவிடும். பழி டிவி மேல் விழும். இங்கே பென்டிரைவில் போட்ட PNG படம்தான் சரி. அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 8 பிட் படத்தில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தம் 256 படிகள்தான். 3840 பிக்சல் அகலத் திரையில் ஒரு படிக்கு 15 பிக்சல் வரும். மூக்கு உரச நின்றால் நல்ல டிவியிலும் அது லேசாகத் தெரியும். சோஃபாவில் இருந்து பார்க்கும்போதும் அகலமான பட்டையோ, சாம்பல் நிறத்தில் பச்சை, இளஞ்சிவப்புச் சாயலோ தெரிந்தால் சந்தேகப்படலாம். முதலில் பிக்சர் மோடை மாற்றிப் பாருங்கள்; சில மோடுகளே இதைச் செய்யும்.

திரையில் அழுக்குப் படிந்த மாதிரி தெரியும் டர்ட்டி ஸ்கிரீனுக்குத்தான் உண்மையான போட்டி. அந்த 256 படிகளில் நடுவே வரும் 128 மதிப்புள்ள சாம்பல் படத்தைப் பென்டிரைவில் இருந்து போட்டால் எல்லாக் குறையும் வெளியே வரும், தேவைக்கு மேலேயே வரும். குறையே இல்லாத எல்இடி திரை அபூர்வம். ஃபோனில் படம் எடுத்தால் இன்னும் மோசமாகத் தெரியும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். என் முதல் டிவியில் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் கையகலத்துக்கு ஒரு கறை தெரிந்தது. அப்புறம் ஒரு கால்பந்து மேட்ச் போட்டேன். கேமரா பந்தின் பின்னால் ஓட, புல்தரை நகர்ந்தது, கறை மட்டும் அதே இடத்தில் நின்றது. இடைவேளைக்குள் நான்கைந்து முறை கண்ணில் பட்டதால் திருப்பிக் கொடுத்தேன். மாற்றி வந்த டிவியில் சாம்பல் படத்தில் மூலைகள் இருண்டிருந்தன, ஆனால் மேட்சில் ஒருமுறைகூடத் தெரியவில்லை. அதை வைத்துக்கொண்டேன். என்னைக் கேட்டால், குறையைக் கண்டுபிடிக்கப் பென்டிரைவ், தீர்ப்புச் சொல்ல மேட்ச்.

ஓஎல்இடி என்றால் கிட்டத்தட்டக் கறுப்பாகவே இருக்கும் 5 சதவீதச் சாம்பலை இருட்டறையில் பாருங்கள், செங்குத்துக் கோடுகள் அதில்தான் தெரியும். முதல் நாளே முடிவு கட்ட வேண்டாம். பல ஓஎல்இடி டிவிகள் சில மணி நேரம் ஓடியபின், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது தாமாகவே பேனலைச் சரிசெய்துகொள்ளும். ரிமோட்டில் அணைத்தால் போதும், பிளக்கைப் பிடுங்கினால் அந்த வேலை நடக்காது. சில நாள் கழித்து மறுபடி பாருங்கள், ஆனால் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள். கெடு தாண்டினால் உத்தரவாதத்தை நம்ப வேண்டாம்; ஒன்றிரண்டு டெட் பிக்சலைப் பல உத்தரவாதங்கள் குறையாகவே கணக்கில் எடுக்காது.