ஒப்பந்தத்தில் ஒரு பிரிவை மாற்றக் கேட்கும்போது: மெயிலில் எழுதுவதா, கோப்பில் திருத்துவதா?

கோவைப் பக்கம் வார்ப்பு வேலை செய்யும் ஒரு சிறு ஃபவுண்டரியை எடுத்துக்கொள்வோம். பம்ப் தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று, மாதம் 8 லட்சம் ரூபாய்க்குக் காஸ்டிங் வாங்குவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. விலை பேசி முடித்தாயிற்று. இடிப்பது பணம் தரும் பிரிவு மட்டும்தான். ஆங்கிலத்தில் இருக்கும் அதன் சாரம் இது: "கம்பெனியின் தரப் பிரிவு சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பணம் தரப்படும். குறை இருப்பதாகக் கம்பெனி கருதினால், தன் முடிவின்படி எந்தத் தொகையையும் பிடித்தம் செய்துகொள்ளலாம்."

இதில் மாற வேண்டியவை மூன்று. 90 நாள் என்பது ஒன்று. அந்த 90 எப்போது தொடங்கும் என்று தெரியாதது இரண்டாவது, ஏனென்றால் தரப் பிரிவு எத்தனை நாளில் பார்த்து முடிக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. மூன்றாவது, கணக்குக் காட்டாமல் டெபிட் நோட் போடும் உரிமை. இந்த மூன்றையும் மெயிலில் கேட்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மெயில் உடலிலேயே பழைய வரியையும் புதிய வரியையும் எழுதிக் காரணம் சொல்லலாம். வேர்டு கோப்பில் ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தி, ஓரத்தில் கமெண்ட் எழுதலாம். இல்லையென்றால் பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், நாம் கேட்கும் வாசகம், காரணம் என்று ஒரு அட்டவணை போட்டு அனுப்பலாம்.

மெயில் உடலில் எழுதுவதன் பெரிய பலம், அது படிக்கப்படும் என்பது. பர்ச்சேஸ் மேனேஜர் ஷாப் ஃப்ளோரில் நின்றுகொண்டே போனில் படித்துவிடுவார். கோப்பைத் திறந்து கமெண்டைத் தேட வேண்டியதில்லை. ஆனால் மாற்றத்தை ஒப்பந்தத்தில் ஏற்றப்போகிறவர் வேறு ஒருவர். அவர் நம் மெயிலைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது பாதி வாக்கியம் விட்டுப்போகலாம். இன்னொரு ஆபத்தும் உண்டு. பணம் தரும் பிரிவை மட்டும் வெட்டி மெயிலில் ஒட்டும்போது மற்ற பிரிவுகள் கண்ணில் படுவதில்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் "ஏற்பு என்றால் தரப் பிரிவு கையெழுத்திட்ட சான்று" என்று விளக்கம் கொடுத்திருப்பார்கள். அதைத் தொடாமல் இங்கே மட்டும் திருத்தினால், இரண்டு இடமும் ஒன்றோடொன்று முட்டும். தகராறு வரும் நாளில் அவர்கள் முதல் பக்கத்தைத்தான் காட்டுவார்கள்.

கோப்பில் திருத்துவது இந்த இரண்டு சிக்கலையும் தீர்த்துவிடும். எந்தச் சொல் போனது, எந்தச் சொல் வந்தது என்பதில் சந்தேகம் இல்லை. முழு ஒப்பந்தமும் கண்முன் இருப்பதால் "ஏற்பு" என்று வரும் இடமெல்லாம் தேடிப் பார்த்துச் சரிசெய்ய முடியும். ஆனால் திருத்தும் முறையில் கவனம் வேண்டும். பலர் பழைய பத்தியை முழுதாக அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஒட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது முழுக்கச் சிவப்பாகத் தெரியும். என்ன மாறியது என்று ஒவ்வொரு வரியாக ஒப்பிட வேண்டியிருக்கும், எதையோ நுழைக்கிறார்கள் என்ற எண்ணமும் வரும். "90" என்பதை மட்டும் அடித்து "45" என்று எழுதினால் ஒரு நொடியில் புரிந்துவிடும். அவர்களுடைய வாக்கியங்களை முடிந்தவரை அப்படியே வைத்திருப்பதுதான் திருத்தம் ஏற்கப்படுவதற்கு நல்ல வழி.

கமெண்டில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஆடிட்டரோ பங்குதாரரோ "60 நாள் வரை இறங்கிப் போகலாம்" என்று எழுதிய கமெண்ட் அதே கோப்பில் இருந்துவிட்டால், பேரம் அங்கேயே முடிந்தது. அனுப்புமுன் எல்லாக் கமெண்டையும் ஒருமுறை மேலிருந்து கீழ் படித்துவிட வேண்டும். திரும்பி வரும் கோப்பிலும் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ட்ராக்கிங்கை அணைத்துவிட்டுச் செய்த மாற்றம் நிறத்தில் தெரியாது. வேர்டில் Review பகுதியில் இருக்கும் Compare வசதியில் நாம் கடைசியாக அனுப்பிய கோப்பையும் வந்த கோப்பையும் கொடுத்தால் மாறிய எல்லாமே வெளியே வந்துவிடும்.

அட்டவணையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பதினைந்து பிரிவுகளில் பேச்சு நடக்கும்போது, இரு தரப்பும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வரிசையாக முடிக்க அது உதவும். ஒரு பிரிவுக்கு அது வீண் வேலை.

என் தேர்வு இது: வாசகம் கோப்பில், காரணம் மெயிலில். கோப்பு தனியாக லீகலுக்குப் போனாலும் காரணமும் கூடவே போக, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரே ஒரு வாக்கியம் கமெண்டாக இருக்கட்டும். கம்பெனி பிடிஎஃப் மட்டும் அனுப்பியிருந்தால் வேர்டு கோப்பைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

அடுத்து, காரணத்தை எப்படிச் சொல்வது என்பது. 90ஐ 45 ஆக்க மூன்று விதமாக வாதாடலாம். "எங்களுக்குப் பணப்புழக்கம் கஷ்டம்" என்பது முதலாவது. கணக்கு உண்மைதான். மாதம் 8 லட்சம் என்றால் 90 நாளில் 24 லட்சம் வெளியே நிற்கும், 45 நாளில் 12 லட்சம்தான். ஆனால் இது நம் கஷ்டம். பர்ச்சேஸ் மேனேஜர் இதைக் கேட்டு வருத்தப்படுவாரே தவிர, மேலே கொண்டுபோய் வாதாட அவர் கையில் எதுவும் இல்லை.

இரண்டாவது, சட்டம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைத் தாண்டிப் பணம் தரக் கூடாது என்கிறது. தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. 24ஆம் பிரிவின்படி இது மற்றச் சட்டங்களை மீறி நிற்கும். அப்படியானால் 90 நாள் வாசகம் எப்படியும் நிற்காதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். அந்த உரிமையை வாங்க வாடிக்கையாளர் மேலேயே அந்தச் சட்டத்தின்படி அமைந்த ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போக வேண்டும். போன பிறகு அடுத்த ஆர்டர் வருவது கடினம். வாசகத்திலேயே 45 இருந்தால், அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேரில் கெடு நாள் 45 என்று ஏறும், யாரும் சண்டை போடாமலேயே பணம் வரும். ஆனால் மெயிலைச் சட்டப் பிரிவில் தொடங்கினால் அது நோட்டீஸ் மாதிரி ஒலிக்கும். பதில் பர்ச்சேஸிடமிருந்து வராது, லீகலிடமிருந்துதான் வரும்.

மூன்றாவது, அவர்களுக்கு என்ன லாபம் என்பது. 2023 நிதிச் சட்டம் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அமலுக்கு வந்த அந்த விதிப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டித் தரும் தொகையை, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் வாங்குபவர் செலவாகக் காட்ட முடியும். ஆகவே 90 நாள் வாசகம் அவர்களுடைய ஃபைனான்ஸ் பிரிவுக்குமே தலைவலி. இந்த வரியைப் பர்ச்சேஸ் மேனேஜர் தன் ஃபைனான்ஸுக்கு அப்படியே ஃபார்வேர்டு செய்யலாம். அதனால் இதை முதலில் வைத்து, 15ஆம் பிரிவை ஒரே வரியில் பின்னால் சொல்லி, உத்யம் சான்றிதழை இணைப்பேன். பணப்புழக்கக் கணக்கைப் போனில் பேசும்போது சொன்னால் போதும்.

மற்ற இரண்டு திருத்தங்களுக்கு இந்த முறை போதாது. ஏற்பு நாளைத் திறந்து வைத்திருப்பதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. காஸ்டிங்கில் ப்ளோஹோல் வெளியே தெரியாது, மெஷினில் ஏற்றிச் சீவும்போதுதான் தெரியும். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் கெடு மட்டும் கேட்டால் மறுத்துவிடுவார்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"திருத்தம் 2: சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளலாம் என்று சேர்த்திருக்கிறோம். அளவும் மேற்பரப்பும் பார்க்க இந்த அவகாசம் போதும். மெஷினிங்கில் தெரியும் உள் குறைகளுக்கு 60 நாள் வரை இலவசமாக மாற்றுத் துண்டு தருவதாகவும் எழுதியிருக்கிறோம்.

திருத்தம் 3: பிடித்தத்தை நீக்கச் சொல்லவில்லை. எந்த இன்வாய்ஸ், எத்தனை துண்டு, என்ன குறை என்று குறித்து 7 நாள் முன் தெரிவித்தால், அந்தத் துண்டுகளின் விலையை மட்டும் கழித்துக்கொள்ளலாம்."

இந்த 15 நாள் மேலே சொன்ன சட்டத்திலேயே இருக்கும் கணக்குதான். 60 நாள் உறுதி நாம் விட்டுக்கொடுப்பது. இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்த 60 நாளும் 7 நாளும் மெயிலில் மட்டும் இருந்தால் பயனில்லை. பெரும்பாலான ஒப்பந்தங்களின் கடைசியில், இதற்கு முன் பேசியவை, எழுதியவை எதுவும் செல்லாது, இந்த ஆவணம் மட்டுமே முழு ஒப்பந்தம் என்று ஒரு பிரிவு இருக்கும். காரணத்தை மெயிலில் விட்டுவிடலாம், வாக்குறுதியை மட்டும் கோப்புக்குள் ஏற்றியே ஆக வேண்டும்.

மெயிலின் முடிவையும் யோசித்து எழுத வேண்டும். "மற்றதெல்லாம் ஓகே, இதை மட்டும் மாற்றுங்கள்" என்று நட்பாக எழுதிவிடுகிறோம். டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல், வேதாந்தா அலுமினியம் இடையே பாக்சைட் சப்ளை தொடர்பாக நடந்த வழக்கில், முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டாலும் மெயில் பரிமாற்றத்திலேயே ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. அதனால் "இவை பேச்சுக்கான முன்மொழிவுகள். இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், பதில் வராமலேயே பர்ச்சேஸ் ஆர்டர் வந்து சேரும், அதன் பின்பக்கத்தில் அதே 90 நாள் அச்சாகியிருக்கும். அதை வைத்துக்கொண்டு சரக்கை ஏற்றி அனுப்பினால், செயலாலேயே ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அப்படிப்பட்ட ஏற்பையும் ஏற்கிறது. லாரி கிளம்புவதற்கு முன்பே, அதே மெயில் தொடரில், "ஆர்டர் கிடைத்தது. பணம் தரும் விதி எங்கள் திருத்தம் 1 முதல் 3 வரை உள்ளபடி என்ற அடிப்படையில் சப்ளை செய்கிறோம், மாறுபட்டால் டிஸ்பாட்சுக்கு முன் தெரிவிக்கவும்" என்று எழுதி, ஆர்டர் எண்ணையும் போட்டு அனுப்பிவிட வேண்டும்.