அனெக்ஸில் சொந்த ரவுட்டர்: டபுள் நாட்டுக்குப் பயப்பட வேண்டுமா, ஏபி மோட் நல்லதா?

யாழ்ப்பாணத்தில் அனெக்ஸ் எடுத்து இருக்கிறவர்களில் பலருக்கு இணையம் என்றால் வீட்டுக்காரரின் வைஃபைதான். கீழே ஹோலில் ஒரு ஃபைபர் ரவுட்டர், அதன் பாஸ்வேர்ட் மேல்மாடிக்கும் தெரியும், பின்பக்க அறைக்கும் தெரியும். செய்தி பார்க்க, வீடியோ பார்க்க, வெளிநாட்டில் இருக்கிற அண்ணரோடு கதைக்க அது போதும். போனிலிருந்து ரிவிக்கு வீடியோ அனுப்ப, அதாவது காஸ்ட் செய்யப் பார்க்கும்போதுதான் சிக்கல் வரும். ஒன்றில் ரிவியின் பெயரே போனில் வராது, இல்லாவிட்டால் பக்கத்து அறைக்காரரின் ரிவியும் சேர்ந்து வரும். சரி, சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கிப் பூட்டுவோம் என்று நினைத்தால், "டபுள் நாட் வரும், காஸ்ட் வேலை செய்யாது, ஏபி மோடில் போடுங்கோ" என்று யாராவது சொல்வார்கள். நாட் என்பது ரவுட்டர் உள் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி வெளியே அனுப்புவது, அது இரண்டு தரம் நடந்தால் டபுள் நாட். ஏபி மோட் என்பது ரவுட்டரை வைஃபை பரப்ப மட்டும் விடுவது.

பலர் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த ஆலோசனை பிழை. ஏன் பிழை என்று விளங்க, காஸ்ட் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

காஸ்ட் பட்டனை அமத்தும்போது போன் வீடியோவை ரிவிக்குத் தள்ளுவதில்லை. போன் முதலில் தன் நெட்வேர்க்குக்குள் 224.0.0.251 என்ற முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில், "இங்கே ரிவி யாராவது இருக்கிறீர்களா" என்று ஒரு கூப்பாடு போடுகிறது. ரிவி பதில் சொன்னால் அதன் பெயர் திரையில் வரும். பிறகு 8009 போர்ட் வழியாகப் போன் ரிவியிடம் எந்த வீடியோ என்று மட்டும் சொல்லும், ரிவி தானே இணையத்துக்குப் போய் அதை எடுத்துக்கொள்ளும். முதலில் போட்ட அந்தக் கூப்பாடு ஒரு ரவுட்டரைத் தாண்டி மறுபக்கம் போகாது, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. ஆகவே போனும் ரிவியும் ரவுட்டரின் ஒரே பக்கத்தில் இருந்தால் காஸ்ட் வேலை செய்யும், வெவ்வேறு பக்கத்தில் இருந்தால் செய்யாது. அந்த ரவுட்டருக்கு அப்பால் இன்னும் எத்தனை ரவுட்டர் இருந்தாலும் காஸ்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் ரிவி வெளியே போய் வீடியோ கேட்கும் பயணம் எத்தனை ரவுட்டரைக் கடந்தாலும் நடக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

முதலாவது, ஒன்றும் வாங்காமல் வீட்டுக்காரரின் வைஃபையிலேயே எல்லாவற்றையும் போடுவது. செலவில்லை. ஆனால் சில ரவுட்டர்களில், குறிப்பாக விருந்தினர் வைஃபையில், ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி `AP Isolation` போடப்பட்டிருக்கும். அப்போது போனிலும் இணையம் வரும், ரிவியிலும் வரும், இரண்டும் ஒரே வைஃபை பெயரில் இருக்கும், ஆனாலும் ஒன்றையொன்று தெரியாது. அது போடப்படாமல் இருந்தால் எதிர்ப் பிரச்சினை: உங்கள் ரிவி அந்த வீட்டில் இருக்கும் எல்லோருடைய போனிலும் தெரியும், பின்னறைப் பொடியன் தெரியாமல் கை பட்டாலே உங்கள் ரிவியில் அவன் வீடியோ ஓடத் தொடங்கும். பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் இது எனக்குப் பிடிக்காத விஷயம்.

இரண்டாவது, சொந்த ரவுட்டரை ரவுட்டராகவே ஓட விடுவது. கீழே இருந்து வரும் கேபிளை உங்கள் ரவுட்டரின் `WAN` துளையில் குத்த வேண்டும், அது பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். உங்கள் போனின் முகவரி 192.168.50.20 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரவுட்டர் அதை 192.168.1.34 ஆக மாற்றி அனுப்பும், வீட்டுக்காரரின் ரவுட்டர் அதைத் திரும்பவும் மாற்றி வெளியே அனுப்பும். இதுதான் டபுள் நாட். இரண்டு படலை வைத்த வளவு போல, உள்ளே இருந்து வெளியே போகிறவர் இரண்டையும் திறந்துகொண்டு போகலாம், வெளியே இருந்து வருகிறவருக்கு முதல் படலையைத் தாண்டினாலும் இரண்டாவது பூட்டியிருக்கும். அதனால் பக்கத்து அறைப் போனுக்கு உங்கள் ரிவி தெரியாது. உங்கள் போனும் ரிவியும் உள்ளே இருக்கிற வரை காஸ்ட் ஒழுங்காக நடக்கும், வேகத்திலும் கண்ணுக்குத் தெரிகிற குறைவு வராது.

மூன்றாவது அந்த ஏபி மோட். இதில் உங்கள் ரவுட்டர் நாட் செய்யாது, முகவரி கொடுக்காது, வைஃபையை மட்டும் பரப்பும். முகவரி எல்லாம் கீழிருந்து வரும். டபுள் நாட் போய்விடும், உண்மைதான். ஆனால் உங்கள் ரிவி திரும்பவும் முழு வீட்டின் நெட்வேர்க்குக்குள் வந்து நிற்கும். வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் உங்களுடையது என்பதால் தனியாக இருப்பது போல ஒரு எண்ணம் வரும், உண்மையில் தனியாக இல்லை. ஒரு குடும்பம் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஏபி மோட் மிக நல்லது. நாலு குடியிருப்பாளர் இருக்கிற கட்டிடத்துக்கு, நீங்கள் ரவுட்டர் வாங்கிய காரணத்தையே அது இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய ரவுட்டர்களில் ஏபி மோட் என்று தனிப் பட்டன் இருக்காது, கையால் செய்ய வேண்டும்: முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்தி, ரவுட்டரின் சொந்த முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, கேபிளை `LAN` துளையில் குத்துவது. டிஎச்சிபியை நிறுத்த மறந்து `LAN` துளையில் குத்தினால், உங்கள் ரவுட்டர் வீடு முழுவதற்கும் முகவரி கொடுக்கத் தொடங்கும். கீழே வீட்டுக்காரரின் போனில் வைஃபை அடையாளம் நிறைந்திருக்கும், இணையம் வராது, சிலருக்கு வரும், சிலருக்கு வராது, யாருக்கும் காரணம் விளங்காது. "நேற்று வரைக்கும் நல்லா இருந்தது தம்பி, நீங்கள் மேலே ஏதாவது செய்தனீங்களோ?" என்று அவர் கேட்டால் கேள்வி நியாயமானது. இணையம் வராத ஒரு போனின் வைஃபை விவரத்தைத் திறந்து, கேட்வே என்ற இடத்தில் உங்கள் ரவுட்டரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

இப்போது டபுள் நாட்டின் மேல் போடப்படும் பழிக்கு ஒரு உதாரணம். கொக்குவிலில் ஒரு மேல்மாடி, கணவன் மனைவி, ஒரு ஆண்ட்ராய்ட் ரிவி, சொந்த ரவுட்டர் இரண்டாவது முறைப்படி பூட்டியிருந்தார்கள். நன்றாக வேலை செய்த காஸ்ட் திடீரென்று நின்றுவிட்டது. "ரிவின்ர பேரே வருகுதில்லை தம்பி, டபுள் நாட்டாலதான் என்று சொல்லுறாங்கள்" என்றார் அந்த அக்கா. முதலில் போனின் முகவரியைப் பார்த்தோம், 192.168.50.20. ரிவியின் செட்டிங்கில் நெட்வேர்க் பகுதியைத் திறந்தால் 192.168.1.37. மூன்றாவது எண் வேறு, அதாவது ரிவி வீட்டுக்காரரின் வைஃபையில் இருந்தது.

ரிவி எப்படி அங்கே போனது? முந்தைய இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. கீழ் ரவுட்டர் பேட்டரியோடு இருக்கிறது, அணையவில்லை. மேல் ரவுட்டர் அணைந்து, கரண்ட் வந்த பிறகு முழுதாக எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும். ரிவி அதற்கு முன்பே எழும்பி, தனக்கு முன்பே தெரிந்த வீட்டுக்காரரின் வைஃபையைப் பிடித்துக்கொண்டது. இணையம் வருகிறபடியால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரிவியில் அந்தப் பழைய வைஃபையை `Forget` கொடுத்து அழித்தோம், பிரச்சினை தீர்ந்தது. போன்களிலும் அப்படியே அழித்துவிடுங்கள், ஏனென்றால் மேல்மாடிப் படியில் ஏறும்போதே போன் கீழ் வைஃபையைப் பிடித்துக்கொண்டு பிறகு விடாது.

இரண்டு முகவரியும் ஒரே வரிசையில் இருந்தும் பெயர் வராவிட்டால் வேறு இடங்களில் தேட வேண்டும். போனில் விபிஎன் ஓடுகிறதா, ரிவி உங்கள் ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா, ஐபோன் என்றால் அந்த ஆப்புக்கு `Local Network` அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். யூடியூப்பில் ரிவி கோட் போட்டு இணைக்கும் வழியும் இருக்கிறது, அது இணையம் சுற்றி வருவதால் இரண்டு வைஃபையிலும் வேலை செய்யும். கோட் வேலை செய்து, காஸ்ட் அடையாளம் மட்டும் வரவில்லை என்றால் பழுது உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது.

இரண்டாவது முறையில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரேயொரு செட்டிங், உள் முகவரி. கீழ் ரவுட்டரும் உங்களுடையதும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால், வெளியே போகும் வழி எது என்று உங்கள் ரவுட்டருக்குத் தெரியாது, இணையமே வராது. சில ரவுட்டர்கள் தானாகவே மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. நீங்களே 192.168.50.1 என்று மாற்றிவிட்டால் நிம்மதி. விண்டோஸ் கணினியில் இப்படிப் பார்க்கலாம்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் உங்கள் ரவுட்டர் 192.168.50.1, இரண்டாவது வரியில் வீட்டுக்காரரின் 192.168.1.1 என்று வந்தால் எல்லாம் சரியாகப் பூட்டப்பட்டிருக்கிறது.

கேபிள் இழுக்க முடியாத வீடுகளுக்கு `WISP` என்ற மோட் உள்ள ரவுட்டர் வாங்கலாம். அது வீட்டுக்காரரின் வைஃபையைக் காற்றில் பிடித்து, தனக்குள் நாட் செய்து, உங்களுக்கென்று தனி நெட்வேர்க் கொடுக்கும். ரிப்பீட்டர் மோடை அதோடு குழப்ப வேண்டாம், ரிப்பீட்டர் பொது நெட்வேர்க்கை நீட்டுவது மட்டும்தான். பிடிப்பதும் கொடுப்பதும் ஒரே 2.4 அலைவரிசையில் நடந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஆகவே 5 அலைவரிசையும் உள்ளதாகப் பாருங்கள். முடியுமானால் கேபிள்தான், கதவுக்கு அடியில் போகிற தட்டைக் கேபிள் கடைகளில் இருக்கிறது.

டபுள் நாட் உண்மையாகவே கடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது, கேம். பிளேஸ்டேஷனில் இணையச் சோதனை செய்தால் நாட் வகை 3 என்று வரலாம், நண்பர்களோடு குரல் அரட்டை அறுந்து அறுந்து போகும். கேம் மெஷின் யூபிஎன்பி மூலம் கேட்கிற வழியை உங்கள் ரவுட்டர் திறந்துவிடும், ஆனால் கீழ் ரவுட்டருக்கு அந்தச் செய்தி போகாது. வீட்டுக்காரர் சம்மதித்தால் அவருடைய ரவுட்டரில், வெளியே இருந்து வருவதை ஒரே கருவிக்கு அனுப்பிவிடும் `DMZ` பகுதியில் உங்கள் ரவுட்டரின் வெளி முகவரியை, நம் உதாரணத்தில் 192.168.1.34 ஐ, போடச் சொல்லலாம். அந்த முகவரி மாறாமல் இருக்கும்படி அங்கேயே ஒதுக்கியும் வைக்க வேண்டும். கேட்கப் போகும் முன் அவருடைய ரவுட்டரில் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் இணைய நிறுவனமே இன்னொரு நாட் வைத்திருக்கிறது, `DMZ` போட்டாலும் பயனில்லை, அவரைக் கரைச்சல்படுத்தத் தேவையில்லை.