மூண்டு வருஷமா ஒரே பேக்: வார், சிப், பாரம்

கம்பஸ் தொடங்கேக்க வாங்கின முதல் பேக் ஆறு மாசம்கூட நிக்கல்ல. மட்டக்களப்பு டவுனில கடையில தோளில போட்டுப் பார்த்தன், வார் தலகாணி மாதிரி மெத்தெண்டு இருந்திச்சு, உடன வாங்கிட்டன். அங்கதான் பிழைச்சிச்சு, கடையில பேக் வெறுமையாத்தானே தொங்கும். செங்கலடியில போர்டிங், வந்தாறுமூலைக் கம்பஸுக்கு நடந்துதான் போறது, ரெண்டு மாசத்தில ஸ்பொஞ்ச் அப்பளமாப் போய் வாரிட விளிம்பு தோளில சிவப்புக் கோடு போட்டிட்டு.

மறுகா வாங்கப் போகேக்க லப்டொப்பையும் ஒரு லீட்டர் தண்ணிப் போத்தலையும் கொண்டே போனன். வாரைப் பெருவிரலால அமத்திப் பார்க்கணும், விரல் மற்றப் பக்கத்தில தட்டுப்பட்டா அங்கயே வைச்சிட்டு வந்திருங்க, கொஞ்சம் இறுக்கமா இருந்து விட்டவுடன எழும்பினாத்தான் நல்ல ஃபோம். அகலம் நாலு விரல் அளவாவது இருக்கணும். சாமானையெல்லாம் உள்ள போட்டு கடைக்குள்ளயே பத்து நிமிஷம் நடந்தன், "தங்கச்சி பேக் வாங்க வந்தீங்களா, பயணம் போறீங்களா" எண்டு கடைக்கார அண்ணன் சிரிச்சார். சிரிக்கட்டும்.

சிப்பில எல்லாரும் பல்லைத்தான் பார்ப்பாங்க, ஆனா முதல்ல தேயிறது அதை இழுக்கிற ஓடிதான். மூடிக்கொண்டு போகும், பின்னால திறந்துகொண்டே வரும், அப்ப ஓடிட வாய் விரிஞ்சிட்டு எண்டு அர்த்தம். கல்லடிக் கடற்கரைக்கு ரெண்டு தரம் கொண்டுபோனதில மண் ஏறி எனக்கும் அப்பிடித்தான் ஆச்சு. பழைய பிரஷ்ஷால மண்ணைத் தட்டிட்டு, ஓடிட பின்பக்க ரெண்டு ஓரத்தையும் குறட்டால மெல்ல, மெல்லமாத்தான், அமத்தினன், பல்லில மெழுகுதிரி தேய்ச்சன், இண்டைக்கும் ஓடுது. கூட அமத்தினா ஓடி இறுகி நிண்டிடும், இல்லாட்டி வெடிச்சிரும். வாங்கேக்க மூலை வளைவில ஒத்தக் கையால இழுத்துப் பாருங்க, அங்க சிக்கினா பிறகும் சிக்கும்தான்.

பாரம் என்னெண்டா, உடம்பு நிறையில பத்தில ஒரு பங்கு எனக்கு நல்லாத் தாங்கும், 54 கிலோ நான், லப்டொப், சார்ஜர், தண்ணி, ஃபைல், சோத்துப் பார்சல் எல்லாம் சேர்த்து அஞ்சரைக்குள்ள நிண்டா அரை மணித்தியாலம் நடந்தாலும் தோள் கதைக்காது. ஏழு கிலோ எண்டா பாதி வழியில கழுத்து முன்னால குனியத் தொடங்கும். லப்டொப்பை முதுகோட ஒட்டி வைக்கணும், முன் பொக்கட்டில பாரம் போட்டா பேக் பின்னால இழுக்கும். வாரையும் இறுக்கிக் கட்டுங்க, இடுப்புக்குக் கீழ தொங்கவிட்டா பாரம் முழுக்கத் தோளிலதான்.

இப்ப இருக்கிற குறை, வாரிட கீழ் முனைத் தையல் போன மாரியில விட்டுப்போச்சு. சப்பாத்து தைக்கிறவர் நைலோன் நூலால பெட்டி மாதிரிச் சுத்தித் தைச்சு நடுவில குறுக்கால ரெண்டு கோடும் போட்டுத் தந்தார், கம்பெனித் தையலைவிட அது உறுதி. பக்கத்துப் போத்தல் பொக்கட்டிட லாஸ்டிக் மட்டும் போயிட்டு, பஸ்ஸில ஏறேக்க போத்தலைக் கையிலதான் பிடிக்கணும்.