மூன்று பெட்டி வந்தது, ஆறும் வந்ததாக போர்ட்டல் சொல்கிறது: வெளிநாட்டிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் கவனிக்கவும்

சின்னக் கடை வைத்து வெளிநாட்டு சப்ளையரிடம் நேரடியாகச் சரக்கு எடுப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். சப்ளையரின் போர்ட்டலில் ஒரே ஒரு சொல் தப்பாக ஏறியதால் ஒரு மாதம் அலைந்தேன்.

360 டார்ச் விளக்குகள், பெட்டிக்கு 60 வீதம் ஆறு பெட்டி. முன்பணம் 30 சதவீதம் கட்டியாகிவிட்டது, மீதி 70 சதவீதம் சரக்கு வந்து சேர்ந்ததும் கட்ட வேண்டும் என்பது பேச்சு. 3ஆம் தேதி கூரியர் ஆள் மூன்று பெட்டியை இறக்கினார். பெட்டிகளின் பக்கவாட்டில் கறுப்பு மையில் 1/6, 2/6, 3/6 என்று அச்சடித்திருந்தது. மீதி பின்னால் வரும் போல என்று நினைத்துப் போர்ட்டலைத் திறந்தால் மொத்த ஆர்டருக்கும் பச்சை நிறத்தில் Delivered என்று நிற்கிறது.

ஆர்டர் ஒன்றுக்கு ஒரே ஒரு டிராக்கிங் எண்தான் அவர்கள் சிஸ்டத்தில் இணைக்க முடியுமாம். அந்த எண்ணில் போன பெட்டிகள் வந்துவிட்டால் ஆர்டர் முழுவதுமே வந்ததாகக் கணக்கு. மறுநாளே அவர்களுடைய விற்பனை ஆளிடம் சாட்டில் கேட்டேன். "மீதி அடுத்த வாரம் கிளம்பும், போர்ட்டலைக் கண்டுகொள்ளாதீர்கள், தானாகச் சரியாகிவிடும்" என்றார். நம்பினேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஏனென்றால் Delivered என்று விழுந்த நொடியிலேயே இரண்டு காரியம் நடந்துவிட்டது. 360 விளக்குக்கும் மீதித் தொகைக்கான இன்வாய்ஸ் தானாகத் தயாராகி, கெடு ஓட ஆரம்பித்துவிட்டது. சரக்கு குறைந்தால் புகார் பதிவு செய்ய அவர்கள் கொடுக்கும் 14 நாளும் அன்றே தொடங்கிவிட்டது. 18ஆம் தேதி புகார்ப் பொத்தானை அழுத்தப் போனால் அது சாம்பல் நிறமாகி, அழுத்தவே முடியவில்லை. இன்வாய்ஸ் மேல் தாமதக் கட்டணம் வேறு. சாட்டில் பேசியதைக் காட்டினால், "அது எங்கள் பதிவில் சேராது, மின்னஞ்சலில் எழுதுங்கள்" என்கிறார்கள்.

சரி, எழுதினேன். ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன், யாருக்காவது உதவும்:

"ஐயா, என் ஆர்டரின் நிலை உங்கள் போர்ட்டலில் தவறாக உள்ளது. ஆறு பெட்டியில் மூன்று மட்டுமே 3ஆம் தேதி வந்தன. கூரியர் ரசீதில் பெட்டிகள் 3 என்றும் கட்டணத்துக்குரிய எடை 48 கிலோ என்றும் உள்ளது. உங்கள் பெட்டியின் அளவு 50, 40, 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்தால் பெட்டிக்கு 16 கிலோ, மூன்றுக்கு 48. ஆறும் கிளம்பியிருந்தால் ரசீதில் 96 இருந்திருக்கும். ஆகவே மற்ற மூன்றும் வழியில் தொலையவில்லை, உங்களிடமிருந்து கிளம்பவே இல்லை.

நிலையை Partially Delivered என்று மாற்றுங்கள். இன்வாய்ஸை 180 விளக்குக்குத் திருத்துங்கள். புகாருக்கான 14 நாளைக் கடைசிப் பெட்டி வரும் நாளிலிருந்து எண்ணுங்கள். 4, 5, 6ஆம் பெட்டிகளுக்குத் தனி டிராக்கிங் எண் கொடுங்கள். இன்வாய்ஸ் திருத்தப்படும் வரை மீதித் தொகையை அனுப்ப மாட்டேன். கூரியர் ரசீது, மூன்று பெட்டிகளின் படம், 4ஆம் தேதி உங்கள் ஆளோடு பேசிய சாட், போர்ட்டல் பக்கத்தின் படம் எல்லாம் இணைத்துள்ளேன்."

அந்த எடைக் கணக்குதான் வேலை செய்தது. அதுவரை "கூரியரில் தொலைந்திருக்கும், அவர்களிடம் கேளுங்கள்" என்று தட்டிக்கழித்தவர்கள், 48 கிலோவைப் பார்த்ததும் வேறு பேச்சு பேசவில்லை. விரைவு கூரியர் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படி 5000ஆல் வகுத்துத்தான் கன அளவு எடை போடுகின்றன. அசல் எடை அதைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்டணம், அதனால் இரும்பு மாதிரி கனமான சரக்குக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே பெட்டி எண்ணிக்கை எழுதிய இடத்தையும் மொத்த எடையையும் பாருங்கள்.

இன்னொன்று. பெட்டி இறக்கும்போது கையெழுத்துக் கேட்பார்களே, அதில் "3 பெட்டி மட்டும்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள், திரையில் விரலால் போடுவதானால் பெட்டிகளை அடுக்கி 1/6 என்ற அச்சு தெரிய அங்கேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல வேளை, நான் எடுத்து வைத்திருந்தேன். அப்புறம் போர்ட்டலில் தெரியும் தேதி அவர்கள் நாட்டு நேரமாக இருக்கலாம், 14ஆவது நாள் இரவு வரை காத்திருந்தால் அங்கே 15ஆவது நாள் பிறந்திருக்கலாம்.

22ஆம் தேதி நிலையை மாற்றினார்கள், இன்வாய்ஸும் பாதியானது. மற்ற மூன்று பெட்டி அடுத்த மாதம் வந்தன, எண்ணிப் பார்த்தேன், 180 சரியாக இருக்கிறது. தாமதக் கட்டணத்தை மட்டும் இன்னும் நீக்கவில்லை. அதற்கு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது. இந்த முறை சாட்டில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.