24 வோல்ட் லாரியில் போன் சார்ஜர்: நேரடியாகவா, ரெட்யூசர் வழியாகவா?

காரிலும் 24 அடி லாரியிலும் லைட்டர் சாக்கெட் ஒரே அளவுதான். கார் சார்ஜர் இரண்டிலும் கச்சிதமாகப் பொருந்தும். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது சாக்கெட்டில் 28 வோல்ட் வரை நிற்கும். சிறிய லாரிகளில் 12 வோல்ட்டும் உண்டு என்பதால், முதலில் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

போன் மட்டும் சார்ஜ் ஆனால் போதும் என்றால், முதுகில் `INPUT: 12-24V` என்று அச்சிட்ட சார்ஜரே போதும். அதுவும் வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டர்தான். ஆனால் எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. மலிவுச் சரக்கில் உள்ளே 25 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரைப் போட்டுவிட்டு, வெளியே 24 என்று எழுதிவிடுகிறார்கள். 28 வோல்ட்டில் அது சூடேறி உப்பும். மீன்வாடை போல ஒரு நாற்றம் வரலாம். `12-32V` அல்லது `12-36V` என்று போட்டிருந்தால் நம்பிக்கை கூடும்.

12 வோல்ட்டுக்கு மட்டுமான சார்ஜர் கெட்டால் சார்ஜரோடு போவதில்லை. உள்ளே மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் சிப் ஷார்ட் ஆனால், 5 வோல்ட் எதிர்பார்க்கும் போனுக்குள் லாரியின் 28 வோல்ட் நேராக இறங்கும். பத்து வெள்ளிச் சார்ஜர் ஆயிரம் வெள்ளிப் போனையும் கூட்டிக்கொண்டு போகும்.

போன், டேப்லெட், டேஷ்கேம் என்று மூன்று இருந்தால், 24 வோல்ட்டைக் காரில் உள்ள 12 வோல்ட் அளவுக்கு இறக்கித் தரும் ரெட்யூசர் பெட்டி மேல். போனுக்கு 18 வாட், டேப்லெட்டுக்கு 15, கேமராவுக்கு 5. சார்ஜர்களின் இழப்பையும் சேர்த்தால் சுமார் 43 வாட். 13.8 வோல்ட் தரும் ரெட்யூசரில் இது 3 ஆம்பியருக்குச் சற்று மேல். பழைய லீனியர் வகை மீதி 14 வோல்ட்டை வெப்பமாகவே எரிக்கும். அது கிட்டத்தட்ட 44 வாட், அதாவது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சால்டரிங் அயர்ன் ஓடுகிற மாதிரி. நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டவே வேண்டாம். ஸ்விட்சிங் வகையில் 5 வாட்தான் வீணாகும். 10 ஆம்பியர் பெட்டி வாங்கினால் சூடேறாமல் ஓடும். 24 வோல்ட் பக்கத்தில் 2 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும் என்பதால், இந்தச் சுமைக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும் வயரில் இணையுங்கள். இல்லையென்றால் பெட்டி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடிக்கும்.

மூன்றாவது வழி, இரண்டு பேட்டரிகளுக்கு நடுவே வயர் இழுத்து 12 வோல்ட் எடுப்பது. செலவே இல்லை, அதனால் பலரும் செய்கிறார்கள். ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் சார்ஜ் செய்யும். எது காலி, எது நிறைந்தது என்று அதற்குத் தெரியாது. 12 வோல்ட் எடுக்கும் கீழ்ப் பேட்டரி எப்போதும் பசியோடு கிடக்க, மேல் பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜாகித் தண்ணீர் வற்றும். சில மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டுத் தனித்தனியாக அளந்தால், ஒன்று 12.7 காட்டும், மற்றது 12.1. மாற்றும்போது இரண்டையுமே மாற்ற வேண்டிவரும்.